கதிர்ப்படத்தைச் சொல்லால் வரைவது

பள்ளியில் ஒளியியல் பாடம் தொடங்கியதும் கரும்பலகையில் ஒரு லென்சும், அதன் ஊடே போகும் சில கோடுகளும் வந்துவிடும். பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு அந்தப் படத்தை வாயால் சொல்ல வேண்டுமானால் எப்படிச் சொல்வது? “கதிர்கள் லென்சில் பட்டு விலகி, மறுபக்கம் ஒன்றுசேர்ந்து பிம்பம் தருகின்றன” என்று பலர் முடித்துவிடுகிறார்கள். சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்ட எவராலும் படத்தைத் திரும்ப வரைய முடியாது. கேட்டவர் கை வரைந்துவிடுகிறதா என்பதுதான் இந்தக் கலைக்கு நான் வைக்கும் அளவுகோல்.

தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைமட்டமாக ஒரு நீண்ட கோடு போடுங்கள். அதுதான் முதன்மை அச்சு. அதன் நடுவில் செங்குத்தாக இன்னொரு கோடு. குவிலென்சு அங்கே நிற்கிறது. இரண்டும் வெட்டுமிடம் ஒளியியல் மையம். எல்லாத் தூரங்களையும் அங்கிருந்தே அளக்கப் போகிறோம். இடப்பக்கம் 10 சென்டிமீட்டரில் ஒரு குவியப் புள்ளி, வலப்பக்கம் 10 சென்டிமீட்டரில் இன்னொன்று. இடப்பக்கம் 15 சென்டிமீட்டரில், அச்சின் மேல் 2 சென்டிமீட்டர் உயர அம்புக்குறி. அதுதான் பொருள். இவ்வளவையும் வைத்த பிறகே கதிரைப் பற்றிப் பேச வேண்டும். பிம்பத்தைப் பற்றி இப்போது மூச்சே விடக்கூடாது. அது எங்கே விழும் என்பதைக் கேட்பவரே கண்டுபிடிக்கட்டும்.

முதல் கதிர் அம்பின் நுனியில் புறப்பட்டு, அச்சுக்கு இணையாக லென்சின் நடுக்கோடு வரை போகிறது. அங்கே கீழ்நோக்கித் திரும்பி, வலப்பக்கக் குவியத்தைக் கடந்து நேராகச் செல்கிறது. இரண்டாவது கதிரும் அதே நுனியில் புறப்பட்டு, ஒளியியல் மையத்தின் வழியே திரும்பாமல் போகிறது. இரண்டையும் நீட்டுங்கள். வலப்பக்கம் 30 சென்டிமீட்டரில், அச்சுக்கு 4 சென்டிமீட்டர் கீழே அவை சந்திக்கும். அம்பின் நுனி அங்கே விழுகிறது. தலைகீழான, இரு மடங்கு பெரிய மெய்பிம்பம். அந்த இடத்தில் வெள்ளைத்தாளைப் பிடித்தால் பிம்பம் அதில் தெரியும்.

இரண்டு கதிர்களோடு நிறுத்திவிடலாம். ஆனாலும் மூன்றாவதையும் சொல்லிவிடுங்கள் என்பேன், சரிபார்க்க அதுதான் உதவும். அது நுனியிலிருந்து இறங்கி, இடப்பக்கக் குவியத்தைக் கடந்து, அச்சுக்கு 4 சென்டிமீட்டர் கீழே லென்சின் கோட்டைத் தொடுகிறது. பிறகு அச்சுக்கு இணையாகப் போய் அதே சந்திப்பில் சேர்கிறது. சேரவில்லை என்றால் சொன்னவரோ வரைந்தவரோ எங்கோ பிசகியிருக்கிறார். இங்கே ஒரு சிக்கல் வரும். லென்சை 3 சென்டிமீட்டர் மட்டும் கீழே இறக்கி வரைந்திருந்தால் இந்தக் கதிருக்கு இடமே இருக்காது. லென்சின் கோட்டைக் கீழே நீட்டிக்கொள்ளலாம், பிம்பத்தின் இடம் மாறாது. நுனியிலிருந்து லென்சில் விழும் கணக்கற்ற கதிர்கள் எல்லாமே அங்கேதான் போய்ச் சேர்கின்றன. இந்த மூன்றும் வழி எளிதில் தெரிவதால் நாம் பொறுக்கியவை. லென்சின் பாதியைக் கையால் மறைத்தாலும் முழுப் பிம்பமும் கிடைக்கும், வெளிச்சம்தான் குறையும்.

இனி அதே அம்பை லென்சுக்கு 6 சென்டிமீட்டர் அருகில் கொண்டுவாருங்கள். இப்போது அது குவியத்துக்கு உள்ளே வந்துவிட்டது. விளக்குபவர்கள் அதிகமும் தடுமாறும் இடம் இதுதான். பழக்கத்தில் “மூன்றாவது கதிர் குவியத்தைக் கடந்து லென்சுக்குப் போகிறது” என்று சொல்லிவிடுவார்கள். குவியமோ பொருளுக்குப் பின்னால் இருக்கிறது, கதிர் எப்படி அதைக் கடக்கும்? “குவியத்திலிருந்து கிளம்பி வந்ததுபோன்ற திசையில், நுனியிலிருந்து மேல்நோக்கிப் போகிறது” என்று சொன்னால்தான் கை சரியாக ஓடும். அது லென்சின் கோட்டை அச்சுக்கு 5 சென்டிமீட்டர் மேலே தொட்டு, இணையாக வெளியேறும். முதல் கதிர் முன்போலவே வலப்பக்கக் குவியத்துக்கும், இரண்டாவது மையத்தின் வழியாகவும் போகும். மூன்றும் வலப்பக்கம் விரிந்துகொண்டே போகின்றனவே தவிர, எங்கும் சந்திப்பதில்லை.

அப்போது வெளியேறிய கதிர்களைப் பின்னோக்கி, இடப்பக்கம் நீட்டச் சொல்ல வேண்டும். அவை அங்கே 15 சென்டிமீட்டரில், அச்சுக்கு 5 சென்டிமீட்டர் மேலே சேரும். நேரான, இரண்டரை மடங்கு பெரிய மாய பிம்பம். “நீட்டுங்கள்” என்பதோடு “புள்ளிக்கோடாக” என்பதையும் மறக்காமல் சேர்க்க வேண்டும். ஒளி உண்மையில் போன வழி முழுக்கோடு, நாம் கற்பனையாக நீட்டியது புள்ளிக்கோடு. ஊசிமுனைச் சக்கரத்தால் மேடாக்கிய படத்தை விரலால் தடவிப் படிப்பவருக்கும் இந்த வேறுபாடு தெரிந்தாக வேண்டும். கண் எங்கே இருக்கிறது என்பதையும் கடைசியாகச் சொல்லிவிடுங்கள். அது லென்சின் வலப்பக்கம், விரிந்து வரும் கதிர்களுக்கு எதிரே, இடப்பக்கத்தை நோக்கி இருக்கிறது. இதைச் சொல்லாவிட்டால், திரையில் விழாத பிம்பம் யாருக்கு, எப்படித் தெரிகிறது என்ற கேள்வி அந்த மாணவரிடம் அப்படியே நின்றுவிடும்.