கையைத் தூக்குங்க டீச்சர், குனியுங்க டீச்சர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, படிப்பைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பீங்க. நான் உடுப்பைப் பற்றிப் பேசப் போறேன். நம்ம குழுக்களில் தையல் மிஷின் கடன் வாங்கி ரவிக்கையும் பாவாடையும் தைக்கிறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. உங்களிடம் துணி கொண்டு வருகிற டீச்சருக்கு என்ன தேவை என்பதை, ஒரு டீச்சராகவே சொல்லிவிடலாம் என்றுதான்.

நான் வீரவநல்லூருக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவில், வயலைப் பார்த்த ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். நான் சின்னப் பிள்ளையாகப் படித்தபோது டீச்சருக்கு நாற்காலி, மேசை, உயரத்தில் ஒரு கரும்பலகை இருக்கும். சேலை மடிப்புக் கலையாமல் சாயங்காலம் வீட்டுக்குப் போவாங்க. 2007-08 வாக்கில் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பிள்ளைகள் எழுத, சுவரின் அடியில் தாழ்வாகக் கரும்பலகை வைத்தாங்க. டீச்சரும் பிள்ளைகளோடு பாயில் உட்கார வேண்டியதாயிற்று. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை ஆட்டம், பாட்டு, அட்டை என்று ஓயாமல் அசைவுதான். பாடம் மாறியது, உட்காரும் இடம் மாறியது; எங்கள் ரவிக்கையும் பாவாடையும் மட்டும் நாற்காலி டீச்சருக்குத் தைத்த மாதிரியே இருந்தது.

அதனால் என்ன ஆகுதுன்னு கேப்பீங்க. ஒருநாள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளை மூக்கில் ரத்தம் வடிய ஓடி வந்தான். சட்டென்று எழுந்தேன். பாவாடை முட்டியில் இறுக்கிப் பிடித்தது, கால் விரிக்க முடியவில்லை, என் சேலையை நானே மிதித்து முன்பக்கமா விழுந்தேன். கொசுவம் அவிழ்ந்துபோச்சு. பிள்ளைகள் சிரித்தாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முழுக்க என் குரல் வகுப்பில் எடுபடவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையை மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி குழாயடிக்குக் கூட்டிப் போனாள்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. டீச்சருக்கு மரியாதை பட்டிலும் கரையிலும் வருவதில்லை. வகுப்பில் நிற்கிற நேரம் பூராவும் கை சேலைப் பக்கம் போகாமல் இருந்தால்தான் வரும். முந்தியை இழுத்து, இடுப்பை மூடி, ரவிக்கையைக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால், பிள்ளைகளின் கண் நம் கை போகிற இடத்துக்குப் போகும். பாடம் அங்கேயே நின்றுபோகும்.

அதே வாரம் எங்கள் தெருவில் தைக்கிற மதினியிடம் போனேன். உங்களைப் போல குழுவில் இருக்கிறவங்கதான். வழக்கமா அளவு ரவிக்கையை வாங்கி வைத்துக்கொள்வாங்க. அன்று வாங்கவில்லை. "எந்தக் கையால எழுதுவீங்க? அந்தக் கையைத் தூக்குங்க டீச்சர், பாப்போம்" என்றாங்க. போர்டில் எழுதுகிற மாதிரி வலது கையைத் தூக்கினேன். ரவிக்கையின் கீழ்ப்பட்டி மூன்று விரல் மேலே ஏறிவிட்டது. வலது இடுப்பு பூராவும் வெளியே தெரிந்தது. நாள் முழுக்க இப்படித்தான் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

நான் சொன்னேன், "இன்னும் லூசா வைங்க மதினி." அவங்க சிரித்தாங்க. "லூசா வச்சதுதான் டீச்சர் வம்பு" என்றாங்க. அவங்க சொன்ன காரணம் இதுதான். கை லூசாக இருக்கணும் என்று அக்குளைத் தாழ்த்தி வெட்டினால், கை தூக்கும்போது அந்தத் தாழ்ந்த இடம்தான் மேலே இழுபடும். அதோடு ரவிக்கை முழுக்க ஏறும். அக்குள் வெட்டு உடம்போடு ஒட்டி மேலே இருந்தால் கை மட்டும் தனியா ஏறும், ரவிக்கை இருந்த இடத்தில் நிற்கும். ஆகவே, அக்குளை முக்கால் அங்குலம் மேலே ஏற்றினாங்க. அது பிடிக்காமல் இருக்க, கைத்துணியை மேல்புஜத்தில் ஒரு அங்குலம் அகலமாக்கினாங்க. கையின் மேல் வளைவையும் கொஞ்சம் தாழ்த்தினாங்க. அந்த வளைவு உயரமா இருந்தால் கையைத் தொங்கப் போடும்போது மடிப்பில்லாமல் அழகா இருக்கும், தூக்கினால் இழுக்கும். தாழ்த்தினால் அக்குளில் ரெண்டு மடிப்பு விழும். எனக்கு அந்த மடிப்பு போதும். ரவிக்கை நீளத்திலும் ரெண்டு அங்குலம் கூட்டினாங்க.

பிறகு, "ரெண்டு கையாலயும் உங்களையே கட்டிப் பிடிச்சுக்கோங்க" என்றாங்க. முதுகில் துணி விண்ணென்று இழுத்தால் பின்பாகம் அகலம் போதாது என்று அர்த்தம். நோட்டுத் திருத்தக் குனிகிறபோது அந்த இடம்தான் முதலில் கிழியும். தைப்பவங்க இந்த ரெண்டு சோதனையையும் துணி வெட்டும் முன்னால், பழைய ரவிக்கையைப் போட்டுப் பார்த்தே செய்துவிடலாம்.

அடுத்து உள்பாவாடை. என்னை விழ வைத்ததே அதுதான். நான் கடையில் வாங்கிக் கட்டியது கீழே குறுகலான பாவாடை. ஒல்லியாகக் காட்டும் என்று வாங்கினேன். மதினி என்னைத் தரையில் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லி, ரெண்டு முட்டியையும் சுற்றி டேப் வைத்தாங்க. 70 அங்குலம் வந்தது. என் பாவாடையின் கீழ்ச்சுற்று 60 தான். பிறகு எப்படி எழுந்திரிக்க? ஆறு பீஸ் வெட்டி, கீழ்ச்சுற்று 80 அங்குலம் வைத்துத் தைத்தாங்க. இடுப்பில் கூடுதல் துணி சேராது, கீழே மட்டும் விரியும். துணி பருத்திதான், வழுக்குகிற துணியில் தைத்தால் சேலை நிற்காமல் சரியும்.

இடுப்பு நாடாவைப் பற்றித் தனியா சொல்லணும். சேலை இறங்கிவிடக் கூடாது என்று ஒல்லி நாடாவை இறுக்கி, தினமும் ஒரே கோட்டில் கட்டுகிறோம். எங்கள் பெரியம்மாவுக்கு அந்த இடம் கறுத்து, செதில் செதிலா உரிந்து, அரிப்பு நிற்காது. "சேலை கட்டினா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்பாங்க. 2024-ல் ஒரு மருத்துவ இதழில் நம் நாட்டு மருத்துவர்கள், வயதான ரெண்டு பெண்களைப் பற்றி எழுதியிருந்தாங்க. வருடக்கணக்கா பாவாடைக் கயிறு அழுத்திய இடத்தில் ஆறாத புண் வந்து, அது தோல் புற்றுநோயாக மாறியிருந்தது. இது அபூர்வம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் இடுப்பில் புண் வந்து ஆறாமல் இருந்தால், நாடாத் தழும்பு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்க.

மதினி எனக்கு நாடாவுக்குப் பதில் ரெண்டு அங்குல அகலப் பட்டி வைத்து, முன்னால் கொக்கி, பின்னால் கொஞ்சம் எலாஸ்டிக் வைத்தாங்க. அகலமா இருந்தால் அழுத்தம் பரவும். நாடாவே பிடிக்கும் என்கிறவங்க, பாவாடைக்குள் ரெண்டு விரல் நுழைகிற அளவுக்குக் கட்டுங்க. ஒருநாள் கொஞ்சம் மேலே, ஒருநாள் கொஞ்சம் கீழே மாற்றிக் கட்டுங்க.

சேலை கட்டும்போது நான் இப்ப ரெண்டு விஷயம்தான் பார்க்கிறேன். முதலில், பள்ளிக்குப் போடுகிற செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கட்டுவேன். ஆனால் வகுப்பில் செருப்பைக் கழற்றிவிடுவோம், இல்லையா? அதனால் கரை தரையிலிருந்து ரெண்டு விரல் மேலே நிற்கும்படி கட்டுவேன். கழற்றினாலும் தரையில் புரளாது.

ரெண்டாவது, முந்தி. மடிப்பெடுத்து இடது தோளில் ஊக்கு குத்துகிறோம். ஊக்கைத் தோள் தையலுக்குப் பின்பக்கமா குத்தினால் குனியும்போது முந்தி முன்னால் சரியாது. ரவிக்கைக்கு உள்ளே அந்த இடத்தில் ஒரு சின்னத் துணித் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தாங்க. ஊக்கு குத்திக் குத்தித் துணி பொத்தல் விழாது. வலது கையால் எழுதுகிறவங்களுக்கு இடது தோள் அதிகம் அசையாது. எங்கள் பள்ளியில் ஒரு டீச்சருக்கு இடக்கைப் பழக்கம். போர்டில் எழுதும்போதெல்லாம் முந்தி இழுபடும். அவங்களுக்குத் தோளிலிருந்து ஊக்கு வரைக்கும் அரை ஜாண் தொய்வு விட்டுக் குத்தினோம், சரியாயிற்று.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு, சுடிதார் போடலாமே" என்று கேக்கிறவங்க இருப்பீங்க. போடலாம். தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு 2019-ல் வந்த அரசாணை சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் மூன்றையும் சொல்கிறது. ஆசிரியைகளும் சுடிதார் அணியலாம் என்று 2023 டிசம்பரில் பள்ளிக் கல்வி அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி சொன்னார். பக்கத்துக் கேரளாவில், ஆசிரியைகள் சேலைதான் கட்டணும் என்ற கட்டாயம் இல்லை என்று 2021-லேயே சுற்றறிக்கை போட்டாங்க. நான் முதல்முதலா சுடிதாரில் போனபோது, "பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க, யாரு மதிப்பா?" என்று ஒருத்தங்க கேட்டாங்க. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அன்று தாழ்வுப் பலகையடியில் நான் முட்டி போட்டு உட்கார்ந்து எழுதினேன், ஒரு தடவைகூட உடுப்பைத் தொடவில்லை. பிள்ளைகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஆனா சுடிதாரையும் வகுப்புக்குத் தகுந்த மாதிரி தைக்கணும். டாப் முட்டிக்குக் கீழே நாலு விரல் வரணும். பக்கத் திறப்பு இடுப்பு வரை ஏறினால் உட்காரும்போது விலகும். இடுப்பெலும்புக்குக் கீழே நின்றால் போதும். பேன்ட் முட்டியில் பிடிக்காமல் தளர்வா இருக்கணும். துப்பட்டாவை ரெண்டு தோளிலும் குத்தி, நுனி தொங்காமல் வைக்கணும். இல்லாவிட்டால் பிள்ளைகள் கையில் அது விளையாட்டுக் கயிறு.

துணிக்கு, வெயில் காலத்தில் பருத்தியை விட்டால் வேறு இல்லை. கஞ்சி மெலிதாகப் போட்டால் மடிப்பு நிற்கும், வேர்வையும் உறிஞ்சும். கெட்டிக் கஞ்சி போட்டால் உட்கார்ந்து எழுந்ததும் சுருக்கம் கோடாக நிற்கும். சாக்பீஸ் தூள் ஒற்றைக் கருநிறத்தில் அப்படியே தெரியும். சின்னக் கட்டம், பொடிப்பூ என்றால் தெரியாது. நம்ம வீரவநல்லூர்ச் செடிபுட்டாச் சேலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது என்னிடமும் ஒன்று இருக்கு. பள்ளி ஆண்டு விழாவுக்கு அதுதான். பாயில் உட்காருகிற நாளுக்கு அல்ல.

இத்தனை மாற்றத்துக்கும் மதினி ஒரு ரவிக்கைக்குக் கூட வாங்கியது ஐம்பது ரூபாய். இப்ப எங்கள் பள்ளி டீச்சர்கள் எல்லாரும் அவங்களிடம்தான் தைக்கிறாங்க. போன மாதம் ஒரு பிள்ளை வகுப்பில் வாந்தி எடுத்தான். பாயிலிருந்து எழுந்து நாலு எட்டில் அவனிடம் போய்விட்டேன், அவனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கும் நானே போனேன். திரும்பி வந்தபோது வகுப்பு அமைதியா உட்கார்ந்திருந்தது.

அதனால், தைக்கிற அக்கா தங்கச்சிகளே, அடுத்த தடவை ஒரு டீச்சர் துணியோடு வந்தால் அளவு ரவிக்கையை வாங்கி வைப்பதற்கு முன்னால், எந்தக் கையால் எழுதுவீங்க என்று கேளுங்க. கையைத் தூக்கச் சொல்லுங்க. தரையில் உட்கார்ந்து எழச் சொல்லுங்க. அதைப் பார்த்த பிறகு கத்தரியை எடுங்க.