முகத்தில் திட்டுத் திட்டாகக் கருமை: சீரம் பூசினால் எத்தனை வாரத்தில் மாறும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் சருமப் பராமரிப்புக் குறித்து ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மருந்துக் கடையில் ஒரு வைட்டமின் சி சீரமும் ஒரு நியாசினமைடு சீரமும் வாங்கி, இரண்டு வாரம் பூசிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் ஆகவில்லை" என்று மேசை இழுப்பறையில் போட்டு வைப்பவர்கள் நம் பெண்களில் ஏராளம். அண்மைக் காலமாக இளைஞர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால், இரண்டு வாரத்தில் ஆகக்கூடிய காரியம் அல்ல அது. ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சம், ஏமாற்றமும் மிச்சம்.

நம் தோலின் மேலடுக்கில், அதன் அடித்தளத்தில், நிறமியைத் தயாரிக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து, சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, அக்கம்பக்கத்தில் உள்ள தோல் உயிரணுக்களுக்குக் கொடுக்கின்றன. நிறமியை வாங்கிக்கொண்ட உயிரணு மெல்ல மெல்ல மேலே ஏறி வந்து, கடைசியில் உதிர்ந்துபோகிறது. இளம் வயதில் இந்தப் பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். வயது ஏற ஏற 40 நாள், அதற்கு மேலும் ஆகும். பருவோ, காயமோ, கடுமையான வெயிலோ பட்ட இடத்தில் நிறமித் தயாரிப்பு அளவுக்கு மீறி நடக்கிறது. அந்த இடம்தான் கறுத்துத் தெரிகிறது. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் பரு ஆறிய பிறகும் அந்தத் தழும்புக் கருமை மாதக் கணக்கில் நிற்பதற்கு இதுவே காரணம்.

வைட்டமின் சி நிறமி தயாராகும் இடத்திலேயே தலையிடுகிறது. மெலனின் உருவாகத் தேவையான நொதியம் செம்பு இல்லாமல் வேலை செய்யாது. வைட்டமின் சி அந்தச் செம்போடு வினைபுரிந்து தயாரிப்பைக் குறைக்கிறது. வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்த நியாசினமைடு வேறொரு வேலையைச் செய்கிறது. தயாரிப்பை அது தடுப்பதில்லை. தயாரான பொட்டலங்கள் பக்கத்து உயிரணுக்களுக்குப் போய்ச் சேர்வதைக் குறைக்கிறது. ஜப்பானியப் பெண்களிடம் 5 விழுக்காடு நியாசினமைடு பூச்சைப் பயன்படுத்திச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நான்கு வாரத்தில் அளவிடத்தக்க மாற்றம் தெரிந்ததாக அது கூறியது. அளவிடத்தக்க மாற்றம் என்றால் படக்கருவிக்கும் கணினிக்கும் தெரிகிற மாற்றம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிய இன்னும் நாள் பிடிக்கும்.

ஆக, இன்று பூசுகிற சீரம் இனிமேல் மேலே வரப்போகும் உயிரணுக்களைத்தான் பாதிக்கிறது. ஏற்கனவே நிறமியைச் சுமந்துகொண்டு பாதி வழியில் இருப்பவை மேலே வந்து உதிர்ந்தே தீர வேண்டும். ஏழே நாளில் முகம் வெளுக்கும் என்று ஒரு பூச்சு சொன்னால், ஒளியைத் திருப்பியடிக்கும் வெண்பொடி அதில் கலந்திருக்கலாம். கழுவினால் அது போய்விடும். அல்லது பாதரசமோ, ஹைட்ரோகுவினோனோ, ஸ்டீராய்டோ சேர்க்கப்பட்டிருக்கலாம். இத்தகைய கலப்படம் உள்ள பூச்சுகளின் அறிவிப்பை மலேசிய சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு பல முறை ரத்து செய்திருக்கிறது. மலேசியாவில் முறையாக விற்கப்படும் ஒப்பனைப் பொருளுக்கு NOT என்ற எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் உண்டு. அந்த எண்ணை அப்பிரிவின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். இரவுச் சந்தையில் ஒட்டுத்தாள்கூட இல்லாத டப்பாவை வாங்குவது வீண் வம்பு.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பினாங்கு, பாயான் லெப்பாஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் காலை வேலை நேரத்தில் பணிபுரியும் 34 வயதுப் பெண்மணி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார். பிற்பகல் மூன்றரை மணிக்கு வெயிலில் வீடு திரும்புகிறார். கன்னங்களில் பரு ஆறிய கருமை இருக்கிறது. சில தழும்புகளுக்கு இரண்டு மாதம், சிலவற்றுக்கு ஒரு வருடம் ஆகிறது. நெற்றியும் கன்னமேடும் பொலிவிழந்து, கைகளின் உட்புறத்தை விட இரண்டு மூன்று படி கறுத்திருக்கின்றன.

முதலில் அவர் ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும். ஒரே சன்னல், ஒரே நேரம், ஒப்பனை இல்லாத முகம். அதே படத்தில் முழங்கைக்குக் கீழ் உட்புறத் தோலும் தெரியட்டும். வெயில் அதிகம் படாத அந்தத் தோல்தான் அவருடைய உண்மையான நிறம். அவர் எட்டக்கூடிய எல்லையும் அதுவே. எந்தச் சீரமும் அதைத் தாண்டி வெளுக்க வைக்காது. வெளுக்க வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. இங்கே நோக்கம் முகம் ஒரே சீராக இருப்பது மட்டுமே.

முதல் இரண்டு வாரம் இரவில் முகம் கழுவிய பின் நியாசினமைடு மட்டும். 4 அல்லது 5 விழுக்காடு போதும். கடைகளில் 10 விழுக்காடு என்று பெரிதாக அச்சிட்டு விற்கிறார்கள். ஆய்வுகள் பலவும் 5-க்குள்தான் நடந்திருக்கின்றன; அளவு கூடினால் சிலருக்கு எரிச்சல்தான் கூடும். மூன்றாம் வாரம் காலையில் வைட்டமின் சி சேர்கிறது. முதலில் 10 விழுக்காடு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். தோல் பழகிய பிறகு தினமும் பூசலாம், 15 விழுக்காட்டுக்கும் போகலாம். 20-க்கு மேல் போவதில் பயனில்லை என்று 2001-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தோலுக்குள் சேர்ந்த வைட்டமின் சி பாதியாகக் குறைய ஏறக்குறைய நான்கு நாள் ஆகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே, ஒரு நாள் மறந்துபோனால் குடி முழுகிவிடாது. மறுநாள் இரு மடங்கு பூசவும் வேண்டாம்.

இரண்டையும் சேர்த்துப் பூசினால் ஒன்றையொன்று கெடுத்துவிடும் என்ற பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. கடும் வெப்பத்தில் செய்யப்பட்ட பழைய சோதனைகளிலிருந்து கிளம்பிய அச்சம் அது. முகத்தில் பூசும்போது அப்படி நடப்பதில்லை. ஆனாலும் காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக்கொண்டால், எரிச்சல் வந்தால் எதனால் வந்தது என்று எளிதில் கண்டுபிடிக்கலாம்.

வைட்டமின் சி பூசியதும் ஓரிரு நிமிடம் சுருக்கென்று இருப்பது இயல்பு. அரை மணி நேரம் கழித்தும் எரிந்தாலோ, தோல் உரிந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். வெள்ளைத் தோலில் எரிச்சல் சிவப்பாகத் தெரியும். நமக்கு அது எளிதில் கண்ணில் படாது. சில வாரம் கழித்துப் புதிய கருமையாகத்தான் வந்து நிற்கும். கருமையைப் போக்கப் பூசியதே கருமையைக் கொண்டுவந்துவிடும் என்பதால், பொறுத்துக்கொண்டு பூசும் வீரம் இதில் உதவாது.

அடுத்து வெயில் காப்புப் பூச்சு, அதாவது சன்ஸ்கிரீன். அந்தப் பெண்மணி காலை ஆறு மணிக்கு இதைப் பூசிக்கொண்டு கிளம்புகிறார். ஆனால் அவர் வெயிலைச் சந்திப்பதோ பிற்பகல் மூன்றரைக்கு. அதற்குள் வியர்வையிலும் முகக் கவசத்திலும் பூச்சு போய்விடுகிறது. காலையில் பூசியதை நம்பிப் பயனில்லை. வேலை முடிந்து தலைக்கவசம் அணியும் முன் மறுபடியும் பூச வேண்டும். அளவு, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. பட்டாணியளவு தடவினால் டப்பாவில் எழுதியுள்ள காப்பில் சிறு பங்குதான் கிடைக்கும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாவிட்டால், சீரம் காலையில் குறைத்ததை மாலை வெயில் திருப்பிக் கொடுத்துவிடும்.

நான்காம் வாரம் படம் எடுக்கிறார். தோல் மென்மையாக, சற்றுப் பளபளப்பாக இருக்கும். தழும்புகள் அப்படியேதான் இருக்கும். பெரும்பாலோர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். எட்டாம் வாரம் இரண்டு மாதத் தழும்புகள் ஓரங்களிலிருந்து மங்கத் தொடங்கும். பன்னிரண்டாம் வாரப் படத்தை முதல் படத்தோடு வைத்துப் பார்த்தால் நெற்றிக்கும் உள்கைக்கும் உள்ள வேறுபாடு குறைந்திருக்கும். ஒரு வருடத் தழும்புகளுக்கு ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டும். அவற்றில் சாம்பல் நீலம் கலந்து தெரிபவை தோலின் ஆழத்துக்கு இறங்கிவிட்ட நிறமி. சீரம் அங்கே எட்டாது. பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் படங்களில் எந்த மாற்றமும் இல்லையென்றால் மூன்றாவது சீரம் வாங்குவதை விட்டுவிட்டுத் தோல் நிபுணரைப் பார்ப்பதே நல்லது.

சீரம் கெட்டுப்போவது இன்னொரு சிக்கல். வைட்டமின் சி காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சிதைந்துவிடும். தண்ணீர் போலவோ இளமஞ்சளாகவோ இருந்தது, தே-ஓ நிறத்துக்கு வந்துவிட்டால் அதில் சத்து இல்லை. தோலில் கறைதான் படியும். நாளொன்றுக்கு நான்கு சொட்டு என்றால் ஏறக்குறைய 0.2 மில்லிலிட்டர். 30 மில்லிலிட்டர் புட்டி ஐந்து மாதம் வரும். நம் நாட்டுச் சூட்டில் குளியலறையில் வைத்த புட்டி அதுவரை தாங்காது. 15 மில்லிலிட்டர் புட்டியாக வாங்கி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, இரண்டரை மாதத்தில் முடித்துவிட்டு அடுத்ததைத் திறப்பது சிக்கனம். நியாசினமைடுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நம்மவர்கள் இந்தச் சீரங்களைக் கழுத்திலும் பூசுகிறார்கள். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணி போல் கறுத்திருந்தால் அது வெயிலால் வந்ததல்ல, அழுக்கும் அல்ல. பல நேரங்களில் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. நீரிழிவு தலைகாட்டும் முன்பே அது தோன்றும். பிள்ளைகளின் கழுத்தில் இதைக் கண்டு தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கும் தாய்மார்களும் உண்டு. தேய்த்தால் தோல் இன்னும் தடிக்கும். அங்கே சீரத்துக்குச் செலவழிக்கும் பணத்தை மிச்சப்படுத்தி, பக்கத்துச் சுகாதாரக் கிளினிக்கில் உடல் எடையையும் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வந்தால், சில மாதங்களில் அந்தக் கருமையும் குறையத் தொடங்கும்.