அசையாத காற்றின் வேகம்

மே மாத நண்பகலில் ஆதம்பாக்கத்து மொட்டை மாடியில் ஓர் இலைகூட அசைவதில்லை. அந்தக் காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறுகளோ, மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி உயரே பறக்கும் விமானத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகின்றன. எல்லாத் திசையிலும் சமமாக ஓடுவதால்தான் காற்று வீசுவதாகத் தெரிவதில்லை. ஒன்றோடொன்று ஓயாமல் மோதிக்கொள்வதால், அறையின் ஒரு மூலையில் ஏற்றிய ஊதுவத்தியின் வாசனை மறுமூலைக்கு வரவும் நேரம் பிடிக்கிறது.

மோதல்களில் ஒன்று வேகம் இழக்கும், இன்னொன்று வேகம் பெறும். ஆகவே எல்லா மூலக்கூறுக்கும் ஒரே வேகம் கிடையாது. எத்தனை மூலக்கூறுகளுக்கு எந்த வேகம் என்று வரைந்தால் வருவது மேக்ஸ்வெல் 1860-இல் தந்த வளைகோடு. அது சுழியில் தொடங்கி ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, வலப்பக்கம் நீண்ட வாலாக இறங்கும். 27 டிகிரி செல்சியஸில் நைட்ரஜனுக்கு உச்சி வினாடிக்கு 422 மீட்டரில் இருக்கிறது. சராசரி வேகம் 476. வால் வலப்பக்கம் மட்டும் நீள்வதால் சராசரி உச்சியைத் தாண்டி நிற்கிறது.

மூன்றாவதாக வருவது சராசரி இருமடிமூல வேகம். ஒவ்வொரு வேகத்தையும் இருமடியாக்கி, சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலம் காண்பது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் ஆற்றலோடும் அழுத்தத்தோடும் நேரடி உறவுள்ளது இதுதான். சூத்திரம் v = √(3RT/M). T கெல்வினில் வெப்பநிலை, M ஒரு மோலின் நிறை, R என்பது 8.314. இதில் 300 கெல்வினையும் 0.028 கிலோகிராமையும் இட்டால் 517 வரும்.

பிளஸ் ஒன் மாணவர்கள் சறுக்கும் இடம் இதுவே. 300-க்குப் பதில் 27 என்று போட்டால் விடை 155. நிறையைக் கிராமிலேயே விட்டு 28 என்று போட்டால் வெறும் 16, ஸ்கூட்டர் வேகம். தவறைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. மூலக்கூறுகள் ஒன்றையொன்று முட்டித்தான் ஒலி பரவுகிறது. எனவே ஒரு வாயுவின் சராசரி இருமடிமூல வேகம் அதே வாயுவில் ஒலி செல்லும் வேகத்தைவிடக் குறையவே முடியாது. காற்றில் ஒலியின் வேகம் சுமார் 347. நைட்ரஜனுக்கு அதற்குக் கீழே விடை வந்தால் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டியதுதான்.

வெப்பநிலை வர்க்கமூலத்துக்குள் இருப்பதன் விளைவைச் சென்னையிலேயே பார்க்கலாம். ஜனவரி விடியலில் 20 டிகிரி என்றால் 511. மே மாதம் 40 டிகிரிக்கு 528. உடம்புக்கு அவ்வளவு வித்தியாசம் தெரிந்தும் வேகத்தில் கூடியது நூற்றுக்கு மூன்றரைதான். கெல்வின் கணக்கில் அது 293-இலிருந்து 313 வரையிலான ஏற்றம், அவ்வளவே. ஆனால் வால் பகுதி வேறு கதை சொல்கிறது. வினாடிக்கு 1,000 மீட்டரைத் தாண்டும் மூலக்கூறுகள் ஜனவரியில் பத்தாயிரத்துக்குச் சுமார் 93. மே மாதத்தில் 131. அதாவது நாற்பது சதவீதம் அதிகம். சற்றே சூடேறினாலும் வேதிவினைகள் விறுவிறுவென்று நடப்பதற்கு இந்த வகை வால்தான் காரணம்.

நிறையின் பங்கைக் காட்டச் சந்திரன் நல்ல இடம். 2019 ஜூலை 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற சந்திரயான்-2-இன் சேஸ்-2 கருவி, சந்திரனைச் சுற்றியுள்ள மெல்லிய வாயுவில் ஆர்கான்-40 பரவியிருப்பதை அளந்தது. பகலில் சந்திரனின் தரை ஏறக்குறைய 120 டிகிரி வரை சுடும். அந்தச் சூட்டில் ஆர்கானின் சராசரி இருமடிமூல வேகம் 495. அதில் பத்தில் ஒரு பங்கே நிறையுள்ள ஹீலியத்துக்குப் பத்து மடங்கு வேகம் வராது. பத்தின் வர்க்கமூலம் 3.16 மடங்கு, அதாவது 1,565.

சந்திரனை விட்டு வெளியேற வினாடிக்கு 2,380 மீட்டர் வேண்டும். இரண்டு வாயுவுமே அதற்குக் கீழேதான். சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டும் தங்க வேண்டும். வாலைப் பார்த்தால் ஹீலியத்தில் நூற்றுக்கு ஏழு அணுக்கள் அந்த எல்லையைத் தாண்டியிருக்கும். ஆர்கானில் பத்துக் கோடி கோடிக்கு ஆறு. தரையைத் தொட்டு மீண்டும் சூடாகும்போதெல்லாம் ஹீலியத்துக்கு வால் திரும்ப முளைப்பதால் அது தொடர்ந்து கசிந்துகொண்டே இருக்கிறது. ஆர்கான் இப்படி வெளியேறுவதில்லை. சூரிய ஒளி அதன் எலக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்கும்போது அதுவும் இழக்கப்படுகிறது. அந்த இழப்பு மேக்ஸ்வெல் வளைகோட்டின் கணக்கில் சேராது.