அகர வரிசையில் பழனி எங்கே வரணும்?

(பட்டியல் தயாரிக்கும் அலுவலகப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம தயாரிக்கிற பட்டியல்கள் பெரும்பாலும் அகர வரிசையில்தான் போகும். அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிற பட்டியலில் ஒருவர் தன் ஊரைத் தேடுறார்னு வைச்சுக்குங்க. ஊர் பழனி. 'வ'வுக்கு அப்புறம்தான் 'ழ' வரும்னு பள்ளிக்கூடத்தில் படித்தவர், பவானிக்குக் கீழே விரலை நகர்த்துறார். அங்கே பழனி இல்லை. நாற்பது பக்கத்தையும் புரட்ட யாருக்கும் பொறுமை இருக்காது. "நம்ம ஊர் இதுல இல்லை"ன்னு திரும்பிப் போயிடுவார். ஆனா பழனி பவானிக்கு மேலே இருக்கும்.

இது ஏன்னு ஆறு ஊர்ப் பெயர்களை வைத்துப் பார்ப்போம். சாதாரண கணினி வரிசைப்படுத்தல் தருவது இது:

படப்பை, பட்டுக்கோட்டை, பல்லடம், பள்ளிப்பட்டு, பழனி, பவானி

தமிழ் அகராதி வரிசைப்படி வர வேண்டியது இது:

பட்டுக்கோட்டை, படப்பை, பல்லடம், பவானி, பழனி, பள்ளிப்பட்டு

கடைசி மூணும் அப்படியே தலைகீழ். முதல் இரண்டும் இடம் மாறியிருக்கு. இரண்டுக்கும் காரணம் வேறவேற.

முதலில் கடைசி மூணைப் பார்ப்போம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். யுனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு. எந்த ஏற்பாடும் செய்யாவிட்டால் கணினி அந்த எண் வரிசையிலேயே அடுக்கிடும். இந்திய மொழிகளுக்கான எண்கள் பழைய இஸ்கி குறியீட்டைப் பின்பற்றித் தரப்பட்டவை. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஒரே இடம் என்பது அதன் ஏற்பாடு. அதனால் 'ந'வுக்குப் பக்கத்தில் 'ன', 'ர'வுக்குப் பக்கத்தில் 'ற', 'ல'வுக்குப் பக்கத்தில் 'ள', 'ழ', அதற்கப்புறம் 'வ'ன்னு அமைந்துவிட்டது. 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் 'ஜ' உட்கார்ந்திருக்கு. நம்ம வரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஜ, ஷ, ஸ, ஹ அதற்கும் பின்னால்தான்.

அடுத்தது புள்ளி. அகராதியில் 'ட்' முதலில், 'ட' அதற்குப் பிறகு. 'அக்கா' முன்னால், 'அகம்' பின்னால். ஆனா கணினியில் புள்ளி தனிக் குறி. அதன் எண் எல்லா மெய்களையும், கால், கொம்பு போன்ற குறிகளையும் தாண்டி இருக்கு. அதனால்தான் படப்பை முந்திக்கிட்டு, பட்டுக்கோட்டை பின்னால் போயிடுச்சு.

இதைச் சரிசெய்ய எண்களை மாற்ற வேண்டியதில்லை. தமிழ் விதிப்படி அடுக்கச் சொன்னால் போதும். லிபர்ஆபிஸ் கால்க்கில் Data → Sort போய், Options பகுதியில் Language என்ற இடத்தில் Tamil தேர்ந்தெடுங்க. இணையதளத்தில் பட்டியல் வெளியிடுபவர்கள் உங்க நிரலாளரிடம் இந்த ஒரு வரியைக் கொடுங்க:

```
names.sort(new Intl.Collator('ta').compare);
```

இதில் `'ta'` என்பதுதான் தமிழ். மொழியைச் சொல்லாமல் விட்டால் ழ, ள, ற, ன சரியாக வந்தும்கூட, புள்ளி தவறான இடத்திலேயே நிற்க வாய்ப்பிருக்கு. அதனால் 'வ', 'ழ' சரியா வந்ததைப் பார்த்து வேலை முடிந்ததுன்னு நினைக்க வேண்டாம்.

அச்சுக்கு அனுப்பும் முன் சோதிக்க இரண்டு ஜோடி போதும். பவானி, பழனி என்ற வரிசை வந்தால் மெய் வரிசை சரி. பட்டுக்கோட்டை, படப்பை என்ற வரிசை வந்தால் புள்ளியும் சரி.

தமிழ் விதிப்படி அடுக்கினாலும் சரியாகாத ஒன்று பாக்கி இருக்கு. ஔவை என்ற பெயரைச் சிலர் 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்து 'ஒளவை' என்று பதிவு செய்றாங்க. கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கணினிக்கு அது 'ஒ'வில் தொடங்கும் வேற சொல். அதனால் அந்தப் பெயர் 'ஓ'வுக்கு முன்னாலேயே போய் நின்னுடும். 'ஔவை' என்று தேடினாலும் கிடைக்காது. 'கௌரி'யிலும் இதே கதை. ஒற்றைக் கொம்பும் 'ள'வும் சேர்த்து அடிச்சிருப்பாங்க. வரிசைப்படுத்தும் முன்னாலேயே 'ஒள', 'கெள' போன்றவற்றைத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்க. மொத்தமாக மாற்றிடாதீங்க, 'ஒளி' மாதிரி 'ள' உண்மையிலேயே வர்ற சொற்களும் கெட்டுப்போகும்.

முதல்ல எழுத்தைத் திருத்துவது, அப்புறம் மொழியைத் தேர்ந்தெடுத்து அடுக்குவது, கடைசியில் அந்த இரண்டு ஜோடியைப் பார்ப்பது. இந்த வரிசையில் செய்தால், பவானிக்குக் கீழே விரலை நகர்த்துபவருக்குப் பழனி கிடைக்கும்.