உள்ளங்கைச் சுவரொட்டியில் தமிழ் எழுத்து
(கருத்தரங்கத் தலைமை உரை)



 சுவரில் ஒட்டுவதற்கென்று சமைக்கப்பட்ட அறிவிப்புப் படம் ஒன்று, கைப்பேசியின் திரைக்கு வந்து சேரும்போது, அதிலுள்ள தமிழ் எழுத்து ஏன் படிக்க இயலாமற் போகிறது என்பதும், அதைத் தடுக்க எழுத்துருவையும் அளவையும் எவ்வாறு தேர்ந்துகொள்வது என்பதுமே இன்று நான் எடுத்துக்கொள்ளும் பிரச்னை.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு பேசுவது சௌகரியம். ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்கு ஏ3 தாளில் சுவரொட்டி தயாராகிறது என்று கொள்வோம். அதன் அகலம் 297 மில்லிமீட்டர். விழாத் தலைப்பு 72 பாயிண்டிலும், பேச்சாளர் பெயர்களும் அரங்கத்தின் முகவரியும் 24 பாயிண்டிலும், வரவேற்புக் குழுவினரின் பெயர்கள் 18 பாயிண்டிலும் கோக்கப்பட்டிருக்கின்றன. சுவரருகே நின்று பார்ப்பவருக்கு இதில் எந்தக் குறையும் தோன்றாது. அதே சுவரொட்டி படமாக மாற்றப்பட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பப்படுகிறபோது, அதை ஏந்துகிற கைப்பேசித் திரையின் அகலமோ ஏறத்தாழ 68 மில்லிமீட்டர்தான். ஆகவே படம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குகிறது; 72 பாயிண்ட் தலைப்பு சுமார் 16 பாயிண்டாகவும், 24 பாயிண்ட் முகவரி ஐந்தரை பாயிண்டாகவும், 18 பாயிண்ட் பெயர்கள் நாலு பாயிண்டாகவும் ஆகிவிடுகின்றன. செய்தித்தாளின் உடற்பகுதியை ஏறத்தாழப் பத்து பாயிண்டில் படித்துப் பழகிய கண்ணுக்கு ஐந்தரை பாயிண்ட் முகவரியைக் கொடுத்துவிட்டு, கூட்டம் வரவில்லையே என்று பிறகு வருந்துவதில் நியாயம் இல்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். படத்தில் பிக்சல்கள் குறைவாக இருப்பதால்தான் எழுத்து தெளியவில்லை என்று நினைத்து, மேலும் மேலும் பெரிய கோப்பாகச் சேமித்து அனுப்புவோர் பலர் உண்டு. 1080 பிக்சல் அகலமுள்ள படம் 68 மில்லிமீட்டர் திரையில் விரியும்போது ஓர் அங்குலத்துக்கு நானூறு பிக்சல் வரை கிடைக்கிறது. கூர்மைக்கு அது தாராளமாகப் போதும். பற்றாக்குறையாக இருப்பது எழுத்தின் உண்மையான உயரம். ஆதலால் கணக்கைத் திரையின் மில்லிமீட்டரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும். 1080 பிக்சல் அகலமும் 1350 பிக்சல் உயரமுமாகக் கைப்பேசிக்கென்றே தனிப் படம் ஒன்றை அமைத்தால், ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 16 பிக்சல் என்ற விகிதம் கிடைக்கிறது. பத்து பாயிண்ட் என்பது மூன்றரை மில்லிமீட்டர். அதாவது 56 பிக்சல். படத்திலுள்ள மிகச் சிறிய எழுத்தும் இந்த 56 பிக்சலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதும், தலைப்பு அதைப் போல் இருமடங்காக, 112 பிக்சலாக, இருக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். ஏனெனில் உரையாடல் பகுதியில் படம் முழுத் திரைக்கு விரியாமல் முக்கால் பங்கு அகலத்தில்தான் முதலில் தென்படுகிறது, அந்நிலையிலேயே தலைப்பாவது படிக்கப்பட்டால்தான் விரல் படத்தைத் தொட்டுத் திறக்கும்.

இந்த அளவை ஏற்றுக்கொண்டவுடன் வேறொரு விளைவு தானாகவே வந்து நிற்கிறது. இரு பக்கமும் 60 பிக்சல் ஓரம் விட்டால் மிஞ்சுவது 960 பிக்சல். அதில் 56 பிக்சல் எழுத்து இருபதுக்கு மேல் அமர்வது அரிது. ஆகவே வரிக்கு மூன்று சொற்கள். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே கு, மு, ரு ஆகியவற்றின் வால்களும் நீள்வதால், ஆங்கிலத்துக்குப் போதுமான ஒன்றேகால் மடங்கு வரி இடைவெளி நமக்கு ஒவ்வாது. ஒன்றரை மடங்கு, அதாவது 84 பிக்சல், வேண்டும். தலைப்புக்கு இரண்டு வரியும் பிரிவுகளுக்கிடையே சற்று வெற்றிடமும் ஒதுக்கிப் பார்த்தால், எஞ்சுவது எட்டு வரிகள். தலைப்பையும் சேர்த்து முப்பது சொற்களுக்கு மேல் அந்தப் படம் தாங்காது. நம் உதாரணச் சுவரொட்டியிலோ நூறு சொற்களுக்கு மேல் இருக்கும். எனவே எழுத்துருவைத் தேடிப் போவதற்கு முன்னால் பத்திராதிபரின் சிவப்பு மையே முதலில் வேலை செய்ய வேண்டும். நூலின் பெயர், ஆசிரியர், வெளியிடுபவர், நாள், நேரம், இடம் என்ற ஆறும் படத்தில் நிற்கட்டும். வரவேற்புக் குழு, நன்றியுரை, பேருந்து வழி ஆகியவற்றைப் படத்தோடு அனுப்பும் செய்தியில் சாதாரண எழுத்தாகவே எழுதிவிடலாம். அவ்வெழுத்தைப் படிப்பவர் தமக்கு வேண்டிய அளவில் பெரிதாக்கிக்கொள்ளலாம், வேண்டிய பகுதியைத் தொட்டுப் பிரதி எடுக்கலாம், பார்வையற்றவருக்குக் கைப்பேசியே வாசித்துக் காட்டும்.

அடுத்ததாக எழுத்தின் உருவம். தமிழில் பொருளை மாற்றும் வேறுபாடுகள் பல, மிகச் சிறிய கோடுகளிலும் சுழிகளிலும் தங்கியிருக்கின்றன. எரிக்கும் ஏரிக்கும் இடையே ஒரு சாய்ந்த கால். விடுவுக்கும் வீடுவுக்கும் இடையே ஒரு சுழி. கொடுவுக்கும் கோடுவுக்கும் இடையே கொம்பின் ஒரு வளைவு. மணத்துக்கும் மனத்துக்கும் இடையே ஒரு சுழியின் எண்ணிக்கை. பனையோலைக் காலத்தில் இவற்றுட் சில எழுதப்படவே இல்லை என்பதை இந்த அவையோர் அறிவார்கள். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை; ரகரமும் காலும் ஒரே வடிவில் நின்றன; எகர ஏகார வேறுபாட்டை இன்றுள்ளவாறு எழுத்தில் நிலைநிறுத்திய பெருமை வீரமாமுனிவரைச் சார்ந்தது. ஏட்டைப் படித்தவர்கள் இடம்நோக்கிப் பொருள் உணர்ந்துகொண்டார்கள். செய்யுளில் அது சாத்தியமாயிற்று. ஆனால் ஓர் ஊர்ப் பெயரிலோ, ஓர் ஆளின் பெயரிலோ, ஒரு தெருவின் பெயரிலோ இடம்நோக்கி ஊகிப்பதற்கு எதுவும் இல்லை. ஐந்தரை பாயிண்டில் புள்ளி மறைந்து, சுழி அடைபட்டு, ரகரம் காலோடு கலந்துவிடுகிற சுவரொட்டி, முன்னூறு ஆண்டுகளாக நாம் சேர்த்த தெளிவைக் கைவிட்டு ஏட்டுக் காலத்துக்கே திரும்புகிறது. அதுவும் முகவரி என்கிற, ஊகத்துக்கு இடமே இல்லாத பகுதியில் திரும்புகிறது.

ஆகவே எழுத்துருவைப் பரீட்சிக்கும்போது அழகான பழமொழி ஒன்றைக் கோத்துப் பார்ப்பதைவிட, ண, ன, ஏ, ஓ, வீ, கே, ரா, ங், ஞ் என்ற எழுத்துகளை 56 பிக்சலில் கோத்துப் பார்ப்பதே பிரயோஜனமானது. மூன்று சுழி ணகரத்தின் உள்வெளிகள் மூன்றும் திறந்திருக்கின்றனவா, புள்ளி கோட்டின் தடிப்புக்குக் குறையாமல் இருக்கிறதா, ரகரத்தின் அடிக்கோடு காலிலிருந்து வேறுபட்டு நிற்கிறதா என்று பார்த்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும். இதில் தடிப்பு பிரதானம். மிக மெல்லிய கோடு வெளிச்சமான திரையில் கரைந்துவிடுகிறது. மிகத் தடித்த கோடு சுழிகளை உள்ளிருந்து நிரப்பிவிடுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற, பல தடிப்புகளில் கிடைக்கும் எழுத்துருக்களில் நடுத்தரத் தடிப்பை முகவரிக்கும் பெயருக்கும் கொள்ளலாம். பாலூ தம்பியின் தடித்த வடிவம் தலைப்புக்கு எடுப்பாக அமையும். அதையே முகவரிக்கு இறக்கினால் சுழிகள் அடைபடும். மீரா இனிமை, பவனம் ஆகியன ஒரே தடிப்பில் வெளிவந்தவை; அவற்றைத் தேர்ந்துகொண்டு தடித்த எழுத்துப் பொத்தானை அழுத்தினால், வடிவமைத்தவர் வரையாத ஒரு தடிப்பை மென்பொருள் தானே பூசிக்கொடுக்கிறது; அது எழுத்தை வெளியே வீங்கவும் உள்ளே அடையவும் செய்கிறது.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 56 என்ற ஒரே எண்ணைக் கொடுத்தாலும் எல்லா எழுத்துருவும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. அந்த எண் மேலும் கீழும் விடும் இடத்தையும் சேர்த்தது. சில எழுத்துருக்களில் எழுத்தின் உடல் அதில் பாதிகூட வருவதில்லை. ஆதலால் பகரத்தின் உயரத்தை அளந்து, அது திரையில் இரண்டு மில்லிமீட்டருக்கு, அதாவது சுமார் 32 பிக்சலுக்கு, குறையாதபடி எண்ணைக் கூட்டிக்கொள்வதே சரியான முறை.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படம் அனுப்பப்படும்போது ஜேபெக் முறையில் இறுக்கப்படுகிறது. அம்முறை பொதுவாக ஒளியின் ஏற்றத்தாழ்வைப் பிக்சல் தோறும் காத்து, நிறத்தின் வேறுபாட்டையோ நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்துவிடுகிறது. எனவே பச்சைப் பின்புலத்தில் சிவப்பு எழுத்து என்று, நிறத்தால் மட்டும் வேறுபட்டு ஒளியில் ஒத்திருக்கிற ஜோடிகள் இவ்வாறு இறுக்கப்படும்போது விளிம்பு கலங்கிவிடும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்து, எழுத்து மங்கினால் நிறத்தை மாற்றிவிட வேண்டும். வலைத் தரங்களை வகுப்போர் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி விகிதம் கேட்கிறார்கள். அதை அளக்கும் சாதனங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கோபுரப் படத்தின் மேலேயே முகவரியை எழுதும் வழக்கத்தை விட்டு, அதற்கு ஒரே நிறத்தில் பட்டை ஒன்று ஒதுக்குவது நலம்.

இவ்வளவும் செய்த பிறகும் தீர்ப்பு வழங்க வேண்டியது வடிவமைப்பாளரின் பெரிய கணினித் திரை அல்ல. படத்தை வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பி, அவர் வழியாக மற்றொருவருக்கு அனுப்பி, அந்த இரண்டாவது கைப்பேசியை ஐம்பது வயது கடந்த, விழாவைப் பற்றி முன்பே ஏதும் அறியாத ஒருவரிடம் கொடுத்து, விரலால் பெரிதாக்காமல் பெயர்களையும் முகவரியையும் உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். எந்தச் சொல்லில் அவர் தயங்குகிறாரோ அந்தச் சொல்லின் அளவோ தடிப்போ நிறமோ தவறாக இருக்கிறது. விஷயத்தை அறிந்தவரிடம் இந்தப் பரீட்சை செல்லாது. அவர் எழுத்தைப் படிப்பதில்லை, ஞாபகத்தைப் படிக்கிறார்.

இக்கருத்தரங்கில் கட்டுரை படிக்க வந்திருக்கும் அறிஞர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. எந்த எழுத்துருவைப் பற்றிச் சொன்னாலும், அது அழகியது என்றோ நவீனமானது என்றோ நிறுத்திவிடாமல், கைப்பேசித் திரையில் அதன் பகரம் எத்தனை மில்லிமீட்டர் நின்றபோது, எத்தகைய கண்ணுக்கு, ணகரமும் னகரமும் பிரிந்து தெரிந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அளவு சொல்லப்பட்டால்தான் ஒருவர் முடிவை மற்றொருவர் சோதிக்க முடியும். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதற் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.