கடல் கடந்த கைப்பேசி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவிலுக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் உள்ள தொழிற்சாலைகளைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் வாகனங்களும் அவற்றின் உறுப்புகளும் அங்கே உருவாகின்றன. கைப்பேசிக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவு நெடுநாளையது. நோக்கியா நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்து, 2014இல் மூடியது. இன்று சுங்குவார்சத்திரத்தை அடுத்த பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. அமெரிக்கச் சந்தைக்கு உரிய ஐபோன்களில் 2022ஆம் ஆண்டு வகை முதலாக, சிம் அட்டை செருகும் துளையே கிடையாது. அட்டைக்குப் பதிலாகக் கருவிக்குள்ளேயே பதித்த ஒரு சில்லு இருக்கிறது. அதற்குள் மென்பொருள் வடிவில் இறங்கும் இணைப்பைத்தான் இ-சிம் என்கிறோம்.

ஒரகடத்தில் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில், வெளிநாடு செல்வோருக்கு விசாவும் பயணச்சீட்டும் ஏற்பாடு செய்து கொடுப்பது என் பணி. அவர்கள் கேட்கும் கேள்விகளுள் ஓயாத கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, போன இடத்தில் போனுக்கு என்ன செய்வது? நம் கம்பெனியிடமே ரோமிங் பேக் போட்டுக்கொள்ளலாமா, அங்கே போய் ஒரு சிம் வாங்கலாமா, அல்லது இந்த இ-சிம் என்கிறார்களே, அதுவா?" எது மலிவு என்றே எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை கூறுமுன் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். வங்கியின் ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு வரும்? நம் செய்திகள் எந்த நாட்டின் வாசல் வழியாக இணையத்துக்குள் நுழையும்? இவ்விரண்டும் எவ்வளவு பெரிய காரியங்கள் என்பதைச் சீனப் பயணம் ஒன்றைக் கொண்டு விளக்குகிறேன்.

எனக்குத் தெரிந்த சிறுதொழில் முதலாளி ஒருவர் வாகனங்களுக்கான பிளாஸ்டிக் உறுப்புகளை வார்த்துத் தருபவர். அதற்கு வேண்டிய மோல்டு ஒன்றைச் சீனத்தில் டோங்குவான் நகரில் செய்யச் சொல்லியிருந்தார். மோல்டு முடிந்ததும் அங்கேயே இயந்திரத்தில் ஏற்றி, சில நூறு உறுப்புகள் வார்த்துப் பார்த்து, அளவு சரியாக இருந்தால் மீதிப் பணத்தை அனுப்ப வேண்டும். பணம் சேர்ந்த பிறகே மோல்டு கப்பலேறும். எட்டு நாள் பயணம். சிக்கனக்காரராகிய அவர், போய் இறங்கியதும் கடவுச்சீட்டைக் காட்டி, முகத்தைப் படமெடுத்துக்கொள்ள இடங்கொடுத்து, உள்ளூர் சிம் ஒன்றை வாங்கினார். அவருடைய கைப்பேசியில் அட்டைக்கு ஒரே ஓர் இடம். ஆகவே நம் ஊர் சிம்மைக் கழற்றிப் பணப்பையில் பத்திரப்படுத்தினார்.

அன்று மாலையே முதல் தொல்லை வந்தது. வாட்ஸப் வாய் திறக்கவில்லை. கூகுள் மின்னஞ்சலும் வரவில்லை. கருவியில் பழுதோ என்று ஐயுற்றார். பழுது ஏதுமில்லை. சீனத்து உள்ளூர் இணைப்புக்குள் அவை நுழையாதபடி அந்நாட்டு அரசு தடுத்திருக்கிறது. தங்கும் விடுதியின் வைபையிலும் இதே கதைதான்.

இங்கே ரோமிங் என்பது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் இந்திய எண்ணை வைத்துக்கொண்டு சீனத்தில் இணையத்தைப் பயன்படுத்தினால், அங்குள்ள கோபுரம் நம் செய்தியைப் பிரித்துப் பார்ப்பதில்லை. முத்திரையிட்ட தபால்பையை ஒரு நிலையத்திலிருந்து மறுநிலையத்துக்குச் சேர்ப்பது போல, அப்படியே இந்தியாவிலுள்ள நம் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகிறது. பை அவிழ்வது இந்தியாவில். இணையத்தின் கண்ணுக்கு நாம் டோங்குவானில் இல்லை, இந்தியாவில் இருக்கிறோம். ஆகையால் வாட்ஸப்பும் கூகுளும் தடையின்றி வேலை செய்கின்றன. அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதால் பேச்சில் சிறு தாமதம் தெரியும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பயணிகளுக்கென விற்கும் இ-சிம்மும் இந்த வழியைச் சேர்ந்ததுதான். ஆனால் அதன் பை அவிழும் ஊர் இந்தியாவாக இராது. விற்பவரைப் பொறுத்து ஹாங்காங்காகவோ சிங்கப்பூராகவோ ஐரோப்பிய நகராகவோ இருக்கும். ஹாங்காங்கில் அவிழ்ந்தாலும் வாட்ஸப் வரும். பெருஞ்சீனத்துக்குள்ளேயே அவிழ்ந்தால் வராது. வாங்குமுன் விற்பவரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும். அங்கே சென்றபின் சோதிப்பதும் எளிது. நம் இணைய முகவரி எந்த நாட்டைச் சேர்ந்தது என்று காட்டும் பக்கம் ஒன்றைத் திறந்தால், வாசல் எந்த நாட்டில் என்று தெரிந்துவிடும்.

முதலாளியின் கதைக்குத் திரும்புவோம். வெள்ளிக்கிழமை பிற்பகல் மோல்டு சோதனை நன்றாகவே முடிந்தது. பணத்தை அனுப்ப அவர் வங்கிக் கணக்கைத் திறந்தார். ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குப் புறப்பட்டது. அந்த எண்ணோ பணப்பைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவசரமாக அட்டையை மாற்றிப் போட்டார்; அப்போதும் வரவில்லை. அது முன்கட்டண எண். வெளிநாட்டு ரோமிங் வசதியை அவர் புறப்படுமுன் திறந்து வைக்கவில்லை. திறப்பதற்கு நிறுவனத்தின் செயலிக்குள் போனால், அதுவும் முதலில் கேட்டது அதே எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைத்தான்! பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டியது போல ஆயிற்று. சீனத்தின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முன்னே ஓடுவது. ஊரிலுள்ள மகனைப் பிடித்து, அவன் கடைக்குப் போய் ரோமிங்குக்கு வழிசெய்வதற்குள் அங்கே ஆலை அடைத்துவிட்டார்கள். பணம் திங்கட்கிழமைதான் போயிற்று. மோல்டு அந்த வாரக் கப்பலைத் தவறவிட்டது. அவருக்காகக் காத்திருந்த வாகன ஆலைக்கு அவர் என்ன சமாதானம் சொன்னார் என்பதை அவரே சொல்லட்டும்.

அடுத்த முறை அவர் புறப்பட்டபோது நாங்கள் இருவரும் சேர்ந்து ஏற்பாடு செய்தோம். இந்திய சிம் கைப்பேசியிலேயே இருக்கட்டும். அது குறுஞ்செய்தி வாங்குவதற்கு மட்டும். அதில் ரோமிங் வசதியைத் திறந்து, முன்கட்டணத்தின் தவணை பயணத்தின் நடுவில் முடியாதபடியும் பார்த்துக்கொண்டோம். ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பெரும்பாலான திட்டங்களில் கட்டணமில்லை. ஆயினும் நம் திட்டத்தில் எப்படி என்று கேட்டுவிடுவது நல்லது. வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு என்பதையும் மறக்கலாகாது.

இணையத்துக்கு இ-சிம். கைப்பேசி அதை ஏற்குமா என்பதை அறிய *#06# என்று அழுத்திப் பார்க்க வேண்டும். EID என்ற தலைப்பில் 32 இலக்க எண் ஒன்று தோன்றினால் உள்ளே சில்லு இருக்கிறது. இனி, வாங்கும் இடத்தைப் பற்றி ஒரு சொல். வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அது இல்லையென்ற காரணத்தால் 2024 ஜனவரியில் ஏரலோ, ஹோலாஃப்ளை என்ற பெயர்பெற்ற இரு செயலிகள் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. சான்று பெற்ற விற்பனையாளர்கள் நம் கடவுச்சீட்டின் நகலைக் கேட்பார்கள். கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். கேளாதவரிடந்தான் சற்று யோசிக்க வேண்டும்.

வாங்கியதும் அவர்கள் ஒரு கட்டப்படக் குறியீட்டை அனுப்புவார்கள். அதைக் கைப்பேசியால் படித்து, இணைப்பை உள்ளே இறக்க வேண்டும். இறக்குவதற்கே இணையம் வேண்டுமாதலால், இதை வீட்டில் வைபை இருக்கும்போதே செய்துவிட வேண்டும். விமான நிலையத்தில் இறங்கியபின் செய்யலாம் என்றிருப்பவர்கள் அங்கே இணையத்தைத் தேடி அலைவதை நான் அறிவேன். அந்தக் குறியீடு பொதுவாக ஒருமுறைக்கு மட்டும் உதவும். இறக்கியதைக் கைதவறி அழித்துவிட்டால் பெரும்பாலும் மறுபடி வாங்கத்தான் வேண்டும். நாள் கணக்கு இறக்கிய அன்றே தொடங்குமா, அயல்நாட்டுக் கோபுரத்தைத் தொட்ட பின் தொடங்குமா என்பது விற்பவருக்கு விற்பவர் மாறும்.

அங்கே இறங்கியதும் பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. "டேட்டா ரோமிங்" என்ற பொத்தானைக் கண்டாலே அஞ்சி அணைத்துவிடுகிறார்கள். இ-சிம்மும் அந்நாட்டில் ஒரு விருந்தாளிதான். அதற்கு அப்பொத்தானைத் திறந்தால்தான் இணையம் வரும். இந்திய சிம்முக்கு அது அணைந்தே இருக்க வேண்டும். ஒரு சிம்மில் இணையம் தளர்ந்தால் மற்றொன்றுக்குத் தானாகத் தாவும் ஏற்பாடு சில கைப்பேசிகளில் உண்டு. அதையும் அணைக்க வேண்டும். இல்லையேல் பேக் இல்லாத இந்திய எண்ணில் இணையம் ஓடிக் கணக்கு ஏறும். வாட்ஸப், "புதிய எண்ணுக்கு மாற்றிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால் வேண்டாமென்று விடுங்கள்.

எவ்வளவு இணையம் வேண்டும்? கடிதங்களும் வரைபடங்களும் வழிகாட்டும் நிலப்படமும் அதிகம் தின்பதில்லை. தின்பது காணொளி. ஐபோனில் 4கே தரத்தில் ஒரு நிமிடப் படம் சுமார் 170 மெகாபைட். மோல்டு திறந்து மூடுவதைப் பத்து நிமிடம் படம்பிடித்தால் 1.7 ஜிகாபைட். அது தானாகவே சேமிப்பகத்துக்கு ஏறும்படி விட்டால், ஐந்து ஜிகாபைட் பேக் மூன்று சோதனையில் தீர்ந்துபோகும். முதலாளி இம்முறை தானியங்கிச் சேமிப்பை நிறுத்தி, 1080 தரத்தில் எடுத்தார். நிமிடத்துக்கு 60 மெகாபைட்தான். மோல்டின் குறையைக் காண அது தாராளம்.

இவ்வளவும் கேட்டபின், ரோமிங் பேக் வேண்டவே வேண்டாமோ என்று எண்ணிவிடாதீர்கள். சில அலுவலகங்களின் கணக்குப் பதிவேடு இந்திய முகவரியிலிருந்து வருவோருக்கு மட்டுமே கதவு திறக்கும். ஹாங்காங் வாசல் வழியே சென்றால், தவறான சொல்லைக் கொடுத்தது போல வெளியே தள்ளிவிடும். ரோமிங்கிலோ நாம் இந்தியாவிலிருந்து வருவதாகவே தெரிகிறோம். அத்தகையோர் கூடுதல் பணம் கொடுத்து ரோமிங் பேக் வாங்குவது விரயமாகாது. இரண்டு மூன்று நாளில் திரும்புவோர்க்கும், இ-சிம் ஏற்காத கைப்பேசி உடையோர்க்கும் அதுவே போதும்.

உள்ளூர் சிம்மின் இடம் வேறு. பயணிகளின் இ-சிம்மில் பெரும்பாலும் இணையம் மட்டுமே உண்டு; தொலைபேசி எண் இராது. இயந்திரத்தை நிறுவி ஓட்டிப் பார்க்க மூன்று மாதம் தங்கும் பொறியாளரை வாடகை வண்டிக்காரரும் கூரியர்காரரும் உள்ளூர் எண்ணிலேயே அழைப்பார்கள். அவருக்கு அது வேண்டும். ஆனால் அவரும் இந்திய சிம்மைக் கழற்றாதபடி, இரண்டு அட்டை ஏற்கும் கைப்பேசி கொண்டுபோவது நலம்.

ஐரோப்பாவுக்குப் போவோர்க்குக் கணக்கு இலகு. அங்கே வாட்ஸப்புக்குத் தடையில்லை. ஜெர்மனியில் 2017 ஜூலை முதல் முன்கட்டண சிம் வாங்கக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஸ்டுட்கார்ட்டில் வாங்கிய உள்ளூர் சிம், செக் நாட்டிலும் நியாயமான அளவுக்கு அதே விலையில் பேசும். சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் சேர்ந்ததன்று. ஸ்டுட்கார்ட்டிலிருந்து சூரிச்சுக்கு ரயிலேறுவோர், எல்லை தாண்டுமுன் தம் சிம் அங்கே செல்லுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.