கர்ணனின் பிழை எது?



துன்பியல் நாடகம் என்றவுடன் கிரேக்கத்தை நோக்க வேண்டுவதில்லை. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் விடிய விடிய ஆடப்பெறும் 'கர்ண மோட்சம்' போதும். அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' நூலில் பேசும் தலைவனின் பிழை, கதைக் கட்டமைப்பு, உணர்வுத் தூய்மை ஆகிய மூன்றையும் அதில் காணலாம்.

பிழையைக் கிரேக்கர் 'ஹமார்த்தியா' என்றனர். குறி தவறுதல் என்பது பொருள். தலைவன் தீயவனாயின் அவன் வீழ்ச்சி இரக்கம் தராது. மாசற்றவனாயின் நெஞ்சு அதனை ஏற்காது. நல்லவன் ஒருவன் தவற வேண்டும். கர்ணனின் பிழை கொடையே என்று மாணவர் எழுதிவிடுவதுண்டு. அது பொருந்தாது. கண்ணன் அந்தணனாய் வந்து புண்ணியத்தை இரக்கும்போது, கர்ணன் முன்பே அம்பு தைத்து வீழ்ந்து கிடக்கிறான். எந்தச் செயலை நீக்கினால் முடிவு மாறும் என்று கேளுங்கள். தான் குந்தியின் மகன் என்று அறிந்த பின்னும், செஞ்சோற்றுக் கடனை எண்ணித் துரியோதனனை விட்டு அவன் நீங்கவில்லை. அதனை நீக்கினால் நாடகமே இல்லை. அவனை உயர்த்திய நன்றியுணர்வே, அறமற்ற பக்கத்தில் நின்றமையால், குறி தவறியது.

இனிக் கட்டமைப்பு. பொன்னுருவியோடு நிகழும் தர்க்கத்திலேயே பிரிவின் நிழல் விழுகிறது. பதினேழாம் நாட் போரில் நாகாஸ்திரத்தை மார்புக்குக் குறிவைக்கச் சல்லியன் சொல்கிறான். கர்ணன் கழுத்துக்கு வைக்கிறான். கண்ணன் தேரை அழுத்த, அம்பு அர்ச்சுனனின் முடியை மட்டும் கொண்டு செல்கிறது. இதுவே திருப்பம். மீண்டும் தொடுக்கக் குந்திக்குக் கொடுத்த வாக்குத் தடுக்கிறது. அதனால் சினந்து சல்லியன் தேரைவிட்டு இறங்குகிறான். சக்கரம் புதைந்தபோது துணைக்கு ஆளில்லை. நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் வராமல், ஒன்றால் ஒன்றாக விளைவதே நல்ல கட்டமைப்பு.

சோஃபக்ளீசின் ஈடிப்பஸ், தான் யார் என்பதை இறுதியிலேதான் அறிகிறான். கர்ணனோ முன்பே அறிந்தவன், அறியாதவர்கள் பாண்டவர்கள். குந்தி அவனை மடியில் கிடத்தி அழும்போதுதான், கொன்றது தமையனை என்று அர்ச்சுனன் உணர்கிறான். இங்கே உண்மையை அறியும் துயரம் வென்றவனைச் சேர்கிறது.

உணர்வுத் தூய்மையை அரிஸ்டாட்டில் 'கதார்சிஸ்' என்றார். இரக்கமும் அச்சமும் எழுந்து, அவற்றின் வழியே நெஞ்சு தெளிதல் அது. தொல்காப்பியர் எண்ணிய எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் அச்சமும் உள்ளன. வட தமிழகத்து ஊர்களில் இறந்தவர்க்கான கருமச் சடங்கை ஒட்டி இக்கூத்தை வைக்கும் வழக்கம் உண்டு. துக்க வீட்டார் தம் இழப்பைக் கர்ணனுக்காக அழுது தீர்க்கின்றனர். தனித்த துயரம் ஊரார் துயரமாகிறது. முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே. தெரிந்தும் கண்ணீர் வருகிறதே, அந்த இடத்தைக் கூத்துக் களத்தில் அமர்ந்து கண்டறியுங்கள்.